எல்லை கடந்த ஒப்பந்தம்

நுழையும்முன்

மனிதர் ஒருவர் துணி விற்கலாம். நாளை அதை விட்டுவிட்டு இரும்பு விற்கலாம். அவரை எவரும் தடுப்பதில்லை. சட்டத்தால் பிறந்த நிறுமத்திற்கு இந்த உரிமை பிறவியிலேயே வாய்ப்பதில்லை. அது என்னென்ன தொழிலைச் செய்யலாம் என்பது அதன் பிறப்பு ஆவணத்திலேயே எழுதப்பட்டிருக்கும். எழுதப்பட்ட எல்லைக்கு வெளியே அது ஓர் ஒப்பந்தம் செய்து, அதை நம்பி வெளியார் ஒருவர் உழைத்தும் பொருள் கொடுத்தும்விட்டால், அந்த இழப்பு யாரைச் சேரும்? இவ்வினாவுக்கு நீதிமன்றங்கள் அளித்த விடையை இப்பாடம் விளக்குகிறது.

நோக்கப் பிரிவு

நிறுமம் ஒன்றைத் தொடங்குவோர் இரண்டு ஆவணங்களை அணியம் செய்கின்றனர். முதலாவது அமைப்பு முறையேடு. நிறுமத்தின் பெயர், பதிவு அலுவலகம் அமைந்துள்ள மாநிலம், உறுப்பினர் பொறுப்பு, பங்கு முதல் ஆகியவற்றோடு அதன் நோக்கங்களும் அதில் இடம்பெறும். இரண்டாவது செயல்முறை விதிகள். கூட்டங்களை எவ்வாறு நடத்துவது, இயக்குநர்களுக்கு எவ்வளவு அதிகாரம் தருவது என்பன போன்ற உள் நிருவாகச் செய்திகளை அது கூறும். இரண்டும் நிறுமங்களின் பதிவாளரிடம் பதிவு செய்யப்படுகின்றன. உரிய கட்டணம் செலுத்தி எவரும் அவற்றைப் பார்வையிடலாம்.

அமைப்பு முறையேட்டில் நோக்கங்களைக் கூறும் பகுதி நோக்கப் பிரிவு எனப்படும். நிறுமத்தின் பணத்தை எத்தொழிலில் ஈடுபடுத்தலாம் என்பதை வரையறுப்பது இப்பிரிவே. இதற்கு அப்பாற்பட்ட செயலைச் சட்ட நூலோர் இலத்தீன் தொடரால் 'அல்ட்ரா வைரிஸ்' என்பர். 'அதிகாரத்திற்கு அப்பால்' என்பது அதன் பொருள். தமிழில் அதை அதிகாரம் கடந்த செயல் எனலாம்.

இத்தகைய எல்லை ஏன் வேண்டும்? வரையறுக்கப்பட்ட நிறுமத்தில் உறுப்பினரின் பொறுப்பு, அவர் எடுத்த பங்கின் அளவோடு நின்றுவிடுகிறது. நிறுமம் நொடித்துப்போனால் கடன் கொடுத்தவர் உறுப்பினரின் வீட்டையோ நிலத்தையோ நாட முடியாது. நிறுமத்தின் சொத்து ஒன்றே அவருக்குப் புகலிடம். அந்தச் சொத்து அறிவிக்கப்பட்ட தொழிலில் மட்டுமே செலவிடப்படும் என்ற உறுதியே அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. வண்டி செய்யும் தொழிலை நம்பிப் பங்கு வாங்கிய உறுப்பினருக்கும் அதே உறுதி தேவைப்படுகிறது. இவ்விருவரையும் காக்கவே எல்லை வகுக்கப்பட்டது.

வண்டி செய்த நிறுமமும் இருப்புப்பாதையும்

இக்கோட்பாட்டை நிலைநிறுத்திய வழக்கு இங்கிலாந்தில் 1875ஆம் ஆண்டு தீர்க்கப்பட்டது. ஆஷ்பரி இரயில்வண்டி மற்றும் இரும்பு நிறுமம் என்பது 1862ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றது. இரயில் பெட்டிகளையும் சரக்கு வண்டிகளையும் அவற்றுக்குரிய கருவிகளையும் செய்தல், விற்றல், வாடகைக்கு விடுதல் ஆகியவை அதன் நோக்கங்களுள் முதன்மையானவை. அவற்றை அடுத்து, 'இயந்திரப் பொறியாளர், பொது ஒப்பந்தக்காரர்' ஆகியோரின் தொழிலை நடத்துதல் என்றும் எழுதப்பட்டிருந்தது.

இந்நிறுமத்தின் இயக்குநர்கள் பெல்ஜியம் நாட்டில் ஆன்ட்வெர்ப் நகரிலிருந்து துர்னே நகர்வரை இருப்புப்பாதை அமைக்கும் உரிமையை விலைக்கு வாங்கினர். பாதையைக் கட்டித் தரும் பணியை ரிஷ் என்பவரிடம் ஒப்படைத்து, அதற்கான பணத்தை நிறுமம் வழங்குவதாக ஒப்பந்தம் செய்தனர். பணி தொடங்கியது, ஒரு பகுதித் தொகையும் கொடுக்கப்பட்டது. பின்னர் நிறுமம் ஒப்பந்தத்திலிருந்து பின்வாங்கியது. ஒப்பந்தத்தை முறித்ததற்காக இழப்பீடு கோரி ரிஷ் வழக்குத் தொடுத்தார்.

நிறுமத்தின் மறுமொழி வியப்பூட்டுவதாக இருந்தது. "நாங்கள் ஒப்பந்தம் செய்தது உண்மை. ஆனால், அதைச் செய்யும் ஆற்றல் எங்களுக்கு இல்லை. எனவே அது எங்களைக் கட்டுப்படுத்தாது" என்பதே அதன் சாரம். தான் செய்த மீறலையே நிறுமம் தனக்குக் கேடயமாக்கிக்கொண்டது.

ரிஷ் தரப்பில் இரண்டு வாதங்கள் முன்வைக்கப்பட்டன. 'பொது ஒப்பந்தக்காரர்' என்ற சொல் எல்லா வகை ஒப்பந்தப் பணியையும் குறிக்கும். ஆகவே இருப்புப்பாதை அமைப்பதும் அதனுள் அடங்கும் என்பது முதல் வாதம். அவ்வாறு அடங்காவிட்டாலும், உறுப்பினர்கள் பின்னர் அதற்கு இசைவளித்துவிட்டனர். அந்த இசைவு குறையைப் போக்கிவிட்டது என்பது இரண்டாம் வாதம். முதல் நீதிமன்றம் ரிஷுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் சமமாகப் பிரிந்து நின்றனர். இறுதியில் வழக்கு பிரபுக்கள் அவையை அடைந்தது.

அங்கே கெய்ர்ன்ஸ் பிரபு முதலான நடுவர்கள் இரு வாதங்களையும் ஏற்கவில்லை. ஒரு சொல்லின் பொருளை அதன் பக்கத்தில் நிற்கும் சொற்களோடு சேர்த்தே காணவேண்டும். 'இயந்திரப் பொறியாளர்' என்பதை அடுத்து நிற்கும் 'பொது ஒப்பந்தக்காரர்' என்ற சொல், அத்தொழிலோடு தொடர்புடைய ஒப்பந்தங்களையே குறிக்கும். அதற்கு வரம்பற்ற பொருள் கொண்டால், காப்பீடு முதல் மீன்பிடித்தல்வரை எத்தொழிலையும் நிறுமம் செய்யலாம் என்றாகிவிடும். பிறகு நோக்கப் பிரிவு ஒன்று இருப்பதற்கே பொருளில்லை.

இரண்டாம் வாதத்திற்கு அளிக்கப்பட்ட விடை இன்னும் ஆழமானது. ஒருவர் செய்த செயலைப் பின்னர் மற்றவர் ஏற்றுக்கொள்வது பின்னேற்பு எனப்படும். முதலில் அச்செயலைச் செய்யும் ஆற்றல் எவருக்கு இருந்ததோ, அவரே பின்னரும் அதை ஏற்க முடியும். இங்கே நிறுமத்திற்கே அவ்வாற்றல் இல்லை. எனவே உறுப்பினர் அனைவரும் ஒருவர்கூட விடாமல் இசைந்தாலும் ஒப்பந்தத்திற்கு உயிர் வராது. தொடக்கத்திலேயே செல்லாதது எக்காலத்தும் செல்லாது. ரிஷ் தோற்றார்.

இருவகை மீறல்கள்

இத்தீர்ப்பைப் படிப்போர் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக மனங்கொள்ளவேண்டும். இயக்குநர் தம் அதிகாரத்தை மீறுவது வேறு. நிறுமம் தன் ஆற்றலை மீறுவது வேறு.

எடுத்துக்காட்டாக, நெசவுத் தொழிலை நோக்கமாகக் கொண்ட நிறுமம் ஒன்றைக் கருதலாம். ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேல் கடன் வாங்குவதாயின் இயக்குநர்கள் பொதுக்கூட்டத்தின் இசைவைப் பெறவேண்டும் என்று அதன் செயல்முறை விதிகள் கூறுகின்றன. இசைவு பெறாமலே, தறிகள் வாங்குவதற்காக அவர்கள் எட்டு இலட்சம் ரூபாய் கடன் பெறுகின்றனர். இது இயக்குநர்களின் மீறல். தறி வாங்குவது நிறுமத்தின் ஆற்றலுக்கு உட்பட்டதே. எனவே உறுப்பினர்கள் பின்னேற்பு அளித்து இதைச் சரிசெய்யலாம். அவர்கள் அளிக்காவிட்டாலும், நல்லெண்ணத்தோடு கடன் கொடுத்தவர் பெரும்பாலும் காக்கப்படுவார். கூட்டம் நடந்ததா, தீர்மானம் நிறைவேறியதா என்பவை நிறுமத்தின் வீட்டுச் செய்திகள். அவை முறையாக நடந்தன என்று வெளியார் எண்ணிக்கொள்ளலாம். 1856ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராயல் பிரிட்டிஷ் வங்கிக்கும் டர்குவாண்டுக்கும் இடையே நடந்த வழக்கு இவ்விதியை வகுத்தது.

அதே இயக்குநர்கள் திரைப்படம் எடுப்பதற்காக எட்டு இலட்சம் ரூபாய் கடன் பெற்று, அதன் நோக்கத்தைக் கடன் கொடுப்பவரிடம் கூறியும் இருந்தால் நிலைமை மாறுகிறது. இப்போது மீறியது நிறுமத்தின் ஆற்றலையே. டர்குவாண்டு வழக்கின் விதி இங்கே துணை வராது. பின்னேற்பும் பயன் தராது.

அறிந்ததாகக் கொள்ளும் விதி

கடன் கொடுத்தவர், "நான் அமைப்பு முறையேட்டைப் பார்த்ததே இல்லை" என்று கூறினால் என்னாகும்? அவ்விடையை நீதிமன்றம் ஏற்காது. பதிவாளரிடம் உள்ள ஆவணம் அனைவருக்கும் திறந்திருக்கிறது; ஆகவே நிறுமத்தோடு தொழில் செய்யும் ஒவ்வொருவரும் அதைப் படித்து, அதன் பொருளையும் உணர்ந்தவராகவே கொள்ளப்படுவர். உண்மையில் படித்தாரா என்பது கேள்வியன்று.

இவ்விதி எவ்வளவு கடுமையானது என்பதை 1953ஆம் ஆண்டு இலண்டனில் தீர்க்கப்பட்ட ஜான் போஃபோர்ட் நிறுமத்தின் வழக்கு காட்டுகிறது. மகளிர் ஆடைகளைத் தைத்து விற்பது இந்நிறுமத்தின் நோக்கம். ஆனால் அது தன் தொழிலை மாற்றிக்கொண்டு, மேல்தகடு ஒட்டிய மரப்பலகைகளைச் செய்யத் தொடங்கியது. நோக்கப் பிரிவை மாற்றவில்லை. பின்னர் நிறுமம் கலைக்கப்பட்டபோது, அதற்கு எரிபொருளாகக் கல்கரி விற்றவர் தமக்கு வரவேண்டிய தொகையைக் கேட்டார்.

கல்கரி எத்தொழிலுக்கும் பயன்படும் பொருள். ஆடை தைக்கும் கூடத்தையும் அதனால் சூடேற்றலாம். எனவே கல்கரி விற்பனை தன்னளவில் எல்லை கடந்ததன்று. வணிகரை வீழ்த்தியது ஒரு தாள். கல்கரி கேட்டு நிறுமம் எழுதிய கடிதத்தின் தலைப்பில், அது மரப்பலகை செய்யும் நிறுமம் என்று அச்சிடப்பட்டிருந்தது. அதைக் கண்ட வணிகர், சரக்கு மரப்பலகைத் தொழிலுக்கே போகிறது என்பதை அறிந்தவராகிறார். நிறுமத்திற்கு அத்தொழிலில் ஈடுபட ஆற்றல் இல்லை என்பதையோ, அமைப்பு முறையேட்டைப் பாராமலே அறிந்தவராகக் கொள்ளப்படுகிறார். மெய்யான அறிவும், கற்பிக்கப்பட்ட அறிவும் ஒன்றுசேர்ந்து அவரது கோரிக்கையை அழித்தன.

கடன் கொடுத்தவரைக் காக்கப் பிறந்த விதி, இவ்வழக்கில் கடன் கொடுத்தவரையே வெறுங்கையோடு அனுப்பியது. அவர் விற்ற கல்கரியை எரித்துத் தொழில் நடத்திய நிறுமத்தின் சொத்தில் அவருக்கு ஒரு பங்கும் கிடைக்கவில்லை.

சென்னையில் எழுந்த வழக்கு

இந்திய உச்ச நீதிமன்றமும் இக்கோட்பாட்டை ஏற்றுள்ளது. லட்சுமணசுவாமி முதலியாருக்கும் ஆயுள் காப்பீட்டுக் கழகத்திற்கும் இடையிலான வழக்கு இதற்குச் சான்று. 1963ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அது இடம்பெற்றுள்ளது. சென்னையைச் சேர்ந்த யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுமத்தின் உறுப்பினர்கள், 1955ஆம் ஆண்டு கூட்டிய பொதுக்கூட்டத்தில், நினைவு அறக்கட்டளை ஒன்றுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் வழங்கத் தீர்மானித்தனர். தொழில்நுட்ப அறிவையும் வணிக அறிவையும், அவற்றுள் காப்பீட்டு அறிவையும் வளர்ப்பது அறக்கட்டளையின் நோக்கங்களுள் ஒன்று. அடுத்த ஆண்டு ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமை ஆயிற்று. நிறுமத்தின் சொத்துகளைப் பெற்ற ஆயுள் காப்பீட்டுக் கழகம், அந்த இரண்டு இலட்சத்தைத் திருப்பிக் கேட்டது.

அறச்செயலுக்கும் பொதுப் பயனுக்கும் பணம் வழங்கலாம் என்று அமைப்பு முறையேட்டிலேயே ஒரு தொடர் இருந்தது. அதையே அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் சுட்டிக்காட்டினர். ஆனால் பணம் வழங்கும் அதிகாரம் வேறு, நிறுமத்தின் நோக்கம் வேறு என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. அதிகாரம் என்பது நோக்கத்தை நிறைவேற்ற உதவும் கருவி. நன்கொடைக்கும் நிறுமத்தின் காப்பீட்டுத் தொழிலுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கவேண்டும். இங்கு அது இல்லை. எனவே நன்கொடை எல்லை கடந்தது. உறுப்பினர்களின் தீர்மானம் அதைக் காக்காது. தொகையைத் திருப்பித் தரவேண்டும் என்பது தீர்ப்பு. செயல் நற்செயலாக இருப்பதும் எல்லைக்குள் இருப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

எனினும் நோக்கப் பிரிவில் எழுதப்படாத ஒவ்வொன்றும் தடை செய்யப்பட்டதன்று. எழுதப்பட்ட தொழிலுக்கு இயல்பாகத் துணைநிற்கும் செயல் எல்லைக்கு உட்பட்டதே என்று 1880ஆம் ஆண்டிலேயே பிரபுக்கள் அவை தெளிவுபடுத்தியது. நெசவு நிறுமம் கிடங்கை வாடகைக்கு எடுப்பதும் தொழிலாளரைப் பணியமர்த்துவதும் தனித்தனியே எழுதப்படவேண்டியதில்லை.

வெளியாருக்கு எஞ்சும் வழிகள்

எல்லை கடந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றுமாறு வெளியார் வழக்குத் தொடுக்க இயலாது. அதே ஒப்பந்தத்தைக் கொண்டு வெளியார்மேல் நிறுமமும் வழக்குத் தொடுக்க இயலாது என்பதே பழைய கோட்பாட்டின் நிலை. ஆயினும் ஒப்பந்தத்தைச் சாராத சில வழிகள் வெளியாருக்கு உள்ளன.

தாம் கொடுத்த பொருள் உருமாறாமல் நிறுமத்திடம் இன்னும் இருந்து, அதை இனங்காட்டவும் முடிந்தால் அவர் அதைத் திரும்பக் கேட்கலாம். நிறுமம் பெற்ற கடன்தொகையால் தன் முறையான பழைய கடனைத் தீர்த்திருந்தால், கடன் கொடுத்தவர் அந்தப் பழைய கடனைக் கொடுத்தவரின் இடத்தில் நின்று அத்தொகையைப் பெறலாம். நிறுமத்தின் மொத்தக் கடன்சுமை இதனால் கூடுவதில்லை. மேலும், நிறுமத்திற்கு அதிகாரம் உண்டு என்று மெய்ம்மையைத் திரித்துக் கூறி நம்பவைத்த இயக்குநர், தம் சொந்தப் பொறுப்பில் இழப்பை ஈடுசெய்ய நேரலாம். ஆனால் எல்லை இன்னதென்பது அமைப்பு முறையேட்டிலேயே வெளிப்படையாகத் தெரியுமானால், "அதை நீரும் அறிந்திருக்கவேண்டும்" என்று இயக்குநர் வாதிட இடமுண்டு. கல்கரி எரிந்து சாம்பலான பிறகு முதல் வழியும் அடைபட்டுவிடுகிறது.

விதியின் தளர்ச்சி

இக்கடுமையிலிருந்து தப்ப, ஆவணம் எழுதுவோர் ஓர் உத்தியைக் கையாண்டனர். உலகிலுள்ள தொழில்களையெல்லாம் அடுக்கி, ஒவ்வொன்றும் தனித்த நோக்கமே என்று முடிவில் ஒரு வரியும் சேர்த்தனர். 1918ஆம் ஆண்டு பிரபுக்கள் அவை அத்தகைய பட்டியலை மனநிறைவின்றியே ஏற்றது. படிப்பவருக்கு எல்லையைக் காட்டவேண்டிய நோக்கப் பிரிவு, எல்லையை மறைக்கும் திரையாகிவிட்டது.

இங்கிலாந்து 1972ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாக இக்கோட்பாட்டைத் தளர்த்தியது. அந்நாட்டின் 2006ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தின்படி, நிறுமம் தானே வரையறை செய்துகொண்டாலன்றி அதன் நோக்கங்களுக்கு எல்லை இல்லை. வரையறை இருப்பினும், ஆற்றலின்மையைக் காரணம் காட்டி அதன் செயலைச் செல்லாததாக்க இயலாது. எல்லையை மீறிய இயக்குநர் நிறுமத்திற்கு விடை சொல்லவேண்டும். வெளியார் தம் பணத்தைப் பெறுவார். ரிஷ் இன்று அங்கு வழக்குத் தொடுத்திருந்தால், ஆற்றல் இல்லை என்ற வாதம் அவரைத் தடுத்திராது.

இந்தியா அவ்வளவு தொலைவு செல்லவில்லை. 2013ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தின் 4ஆம் பிரிவு, நோக்கங்களையும் அவற்றை நிறைவேற்றத் தேவையானவற்றையும் அமைப்பு முறையேட்டில் கூறவேண்டும் என்கிறது. நிறுமம் எல்லையைக் கடப்பதைத் தடுக்குமாறு உறுப்பினர்களும் வைப்பாளர்களும் தீர்ப்பாயத்தை நாட 245ஆம் பிரிவு இடமளிக்கிறது. 13ஆம் பிரிவின்கீழ்ச் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி நோக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். எதிர்ப்பு வாக்குகளைப் போல் மும்மடங்கேனும் ஆதரவு வாக்குகள் வேண்டும். அம்மாற்றம் பதிவாளரிடம் பதிவான பின்னரே நடைமுறைக்கு வரும். ஆகவே புதிய தொழிலில் இறங்க விரும்பும் நிறுமம் முதலில் எல்லையை விரிக்கவேண்டும். பிறகே ஒப்பந்தம் செய்யவேண்டும். அதனோடு ஒப்பந்தம் செய்பவரோ, கையொப்பம் இடுவதற்கு முன்னர் நோக்கப் பிரிவைப் படிக்கவேண்டும். படித்தவராகச் சட்டம் அவரை முன்னமே கருதிவிட்டது.

கற்பவை கற்றபின்

1. 'பொது ஒப்பந்தக்காரர்' என்ற சொல்லுக்குப் பிரபுக்கள் அவை கொண்ட பொருளையும் அதற்கான காரணத்தையும் விளக்குக.

2. கடிதத்தின் தலைப்பில் மரப்பலகை என்ற குறிப்பு இல்லாதிருந்தால், கல்கரி வணிகரின் நிலை எவ்வாறு மாறியிருக்கும்? காரணம் காட்டி எழுதுக.

3. அரிசி ஆலை நடத்தும் நிறுமம் ஒன்று, தன் நெல் மூட்டைகளை ஏற்றிவரச் சரக்குந்து வாங்குகிறது. பின்னர் அதே நிறுமம் சுற்றுலாப் பயணிகளுக்காகப் பேருந்து வாங்குகிறது. நோக்கப் பிரிவில் இரண்டும் எழுதப்படவில்லை. வண்டி விற்றவர்கள் விலையைக் கேட்டு வழக்குத் தொடுத்தால், ஒவ்வொரு வழக்கிலும் நீதிமன்றம் எவ்வாறு தீர்ப்பளிக்கும்? வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து வாதிடுக.